உண்ணாமலை முதல் மேகநாதன் வரை: கோயில் பெயர், காவியப் பெயர், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு வருகைப் பதிவேடுதான் தினமும் காலையில் வாசிக்கிற முதல் புத்தகம். அதில் இருக்கிற பெயருக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்புறம் அவர்களுடைய அப்பா அம்மா கேட்பார்கள், ஓய்வு பெற்ற பிறகு பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துவிட்டேன்.

சிதம்பரம், பழனி எல்லாம் ஊர் பேராச்சே, அதை எப்படி சார் ஆளுக்கு வைக்கிறாங்க?

ஊரும் சாமியும் வேறு வேறு என்று நாம் இப்போது நினைக்கிறோம். பெயர் வைத்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. திருவண்ணாமலையில் மலையே சிவன், அதனால் அண்ணாமலை என்றால் ஊரும் அவர்தான், மலையும் அவர்தான். திருவேங்கடம், ஏழுமலை என்று திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு வைக்கிறார்களே, அதுவும் இதே கணக்கு.

சிதம்பரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு வகுப்பையே நிரப்பலாம். தில்லை என்பது அங்கே காடாக இருந்த மரத்தின் பெயர், அதிலிருந்து தில்லைநாயகம். அவர் ஆடுகிற இடம் அம்பலம், அதிலிருந்து அம்பலவாணன், பொன்னம்பலம். அதே பொன்னம்பலம் வடமொழியில் கனகசபை, அம்பலத்துக்கு உரியவர் சபாபதி, ஆடுகிறவர் நடராஜன். இத்தனை பெயருக்கும் கோயில் ஒன்றே.

ஒரே சாமிக்கு தமிழ்ல ஒரு பேரு, சமஸ்கிருதத்துல ஒரு பேரு இருக்கே, எது முதல்ல வந்தது?

ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது, கோயில் கோயிலாகத்தான் பார்க்க வேண்டும். விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். தேவாரத்தில் அந்த ஊர் முதுகுன்றம். முது என்றால் பழைய, குன்றம் என்றால் மலை. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் விருத்த, அசலம். இங்கே தமிழ்ப் பெயரின் மொழிபெயர்ப்புதான் வடமொழிப் பெயர் என்பது தெளிவாகவே தெரிகிறது. பழமலை, விருத்தகிரி, விருத்தாசலம் என்று ஆட்களுக்கு வைக்கிற மூன்றும் அந்த ஒரே குன்றுதான்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் பின்னாளில். வேதாசலம் என்று பெற்றோர் பெயர் வைத்த ஒருவர் தனித்தமிழ்ப் பற்றால் அதை மொழிபெயர்த்து மறைமலை ஆனார், அவர்தான் மறைமலையடிகள். அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி என்ற பேராசிரியர் தம் பெயரை மூன்றாகப் பிரித்து, சூரியனைப் பரிதி ஆக்கி, நாராயணனை மால் ஆக்கி, சாஸ்திரியைக் கலைஞர் ஆக்கி, பரிதிமாற்கலைஞர் என்று எழுதினார். மால் + கலைஞர் சேரும்போது ல் ற் ஆகிவிட்டது. நடுவில் வரும் 'மாற்' மாற்றம் இல்லை, அது திருமால். இதை எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

எங்க ஆச்சி பேரு உண்ணாமலை. சாப்பிடாமலேயே பிறந்தாங்களான்னு எல்லாரும் கிண்டல் பண்றாங்க. அதுக்கு நிஜமா என்ன அர்த்தம்?

அது உண்ணாமுலை. திருவண்ணாமலை அம்மனின் பெயர். சம்பந்தர் அந்தக் கோயிலைப் பாடுகிற பதிகத்தின் முதல் வார்த்தையே இதுதான்: 'உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்'. எந்தக் குழந்தையும் பால் குடிக்காத முலையை உடையவள் என்று பொருள். உலகத்துக்கெல்லாம் தாய், ஆனால் பெற்றுப் பாலூட்டியவள் இல்லை என்கிற கருத்து அதற்குள் இருக்கிறது. வீட்டில் கூப்பிடும்போது 'முலை' என்பதைச் சொல்லக் கூச்சம், பக்கத்திலேயே அண்ணாமலை என்ற பெயர் வேறு இருக்கிறது, அந்த ஓசையில் இழுபட்டு உண்ணாமலை ஆகிவிட்டது. செட்டிநாட்டுப் பக்கம் இந்த வடிவமே நிலைத்துவிட்டது, அதைத் தப்பு என்று திருத்த வேண்டியதில்லை.

இதன் வடமொழி வடிவம் அபீதகுசாம்பாள். இங்கேதான் ஒரு வழுக்கல். தமிழில் 'பீ' என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி வரலாம். மெலிதாக, மூச்சு அழுத்தாமல் உச்சரித்தால் அபீத என்பது 'குடிக்கப்படாத' என்று பொருள் தரும், அதுதான் சரி. மூச்சை அழுத்தி உச்சரித்தால் 'பயமில்லாத' என்று ஆகிவிடும், பீதி என்கிறோமே அந்தச் சொல். அச்சமற்றவள் என்று இந்தப் பெயருக்கு விளக்கம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குச என்றால் முலை, அப்புறம் 'பயமில்லாத முலை' என்றுதான் வரும். தமிழ்ப் பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை.

தையல்நாயகின்னா தையல் தெரிஞ்ச அம்மனா?

ஊசி நூலுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. ஆத்திசூடியில் 'தையல் சொல் கேளேல்' என்று படித்திருப்பீர்கள். அதில் ஔவை சொல்வது டெய்லரை அல்ல, பெண்ணை (அந்த அறிவுரையை ஏற்கலாமா என்பது தனிக் கதை). தையல் என்றால் பெண், அழகி. தையல்நாயகி என்றால் அழகிய தலைவி.

ஆனால் அவள் இருக்கிற இடம் வைத்தீஸ்வரன்கோயில், கணவர் வைத்தியநாதன், நோய் தீர்க்கிறவர். வைத்தியருக்குத் துணையாகத் தைலம் ஏந்தி வந்தவள் என்று கோயிலில் கதை சொல்வார்கள், அதனால் சிலர் வீட்டில் அந்தப் பெயர் தைலநாயகி என்றும் வழங்கி, தைலம்மை என்றும் சுருங்கியது. சொல்லின் வேர் என்ற கணக்கில் தையல்தான் மூலம். அதற்காக 'தைலநாயகி' என்று எழுதியிருக்கும் பாட்டியின் பத்திரத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன். நோய்க்காக வேண்டிக்கொண்டு வைத்த பெயர் என்றால் அந்தக் குடும்பம் தைலத்தைத்தான் நினைத்திருக்கும்.

தாத்தா பேரு மாத்ருபூதம். பேய் பேரை யாராவது பிள்ளைக்கு வைப்பாங்களா?

இங்கே பூதம் என்பது பேய் இல்லை, 'ஆன' என்று பொருள். மாத்ரு என்றால் தாய். தாய் ஆனவர். திருச்சி மலைக்கோட்டை தாயுமானவரின் வடமொழிப் பெயர்தான் இது. பிரசவ வலியில் இருந்த மகளிடம் வரக் கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே மாட்டிக்கொள்ள, சிவனே தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலக்கதை. வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேர்ந்த பிறகுதான் உள்ளே இருந்தவர் யார் என்று தெரிகிறது.

இரண்டு பெயரையும் ஒப்பிட்டால் தமிழ்ப் பெயரில் ஒரு சின்ன 'உம்' கூடுதலாக இருக்கிறது. மாத்ருபூதம் 'தாயானவர்' என்று நிறுத்திவிடுகிறது. தாயுமானவர் என்றால் ஏற்கெனவே தந்தை, இப்போது தாயும் ஆனார். மொழிபெயர்ப்பில் அந்த 'உம்' விழுந்துவிட்டது. எனக்கு அந்த ஒரு எழுத்துக்காகவே தமிழ் வடிவம்தான் பிடிக்கும்.

இலக்குவன், இலட்சுமணன், லட்சுமணன், லெட்சுமணன்... எதுதான் சரி?

நாலும் சரி, நாலும் வேறு வேறு வழியாக வந்தவை. மூலம் லக்ஷ்மண, நல்ல அடையாளங்கள், அதாவது லட்சணம் உடையவன். தமிழ் மரபில் ல, ர எழுத்துகள் சொல்லின் முதலில் வராது. அதனால் முன்னால் ஓர் உயிரெழுத்து ஒட்டிக்கொள்ளும், இராமன், இலட்சுமணன் என்பதுபோல. உருத்திரன் என்பதில் அதுவே உகரமாக வருகிறது. க்ஷ என்ற ஒலி ஒரு வழியில் க்க ஆனது (இலக்குவன், இலக்குமி), இன்னொரு வழியில் ட்ச ஆனது (லட்சுமணன், லட்சுமி). கம்பர் முதல் வழியில் போனார். வீடணன், அனுமன் என்பதெல்லாம் அதே பட்டறைதான். லெட்சுமணன் என்பது பேச்சில் வரும் ஒலியை அப்படியே எழுத்தில் பிடித்தது, தென் மாவட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

சான்றிதழில் ஒன்றில் இராமச்சந்திரன், இன்னொன்றில் ராமச்சந்திரன் என்று இருப்பதால் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தொல்லை வருவது முன்னெழுத்தில்தான். அப்பா பெயரைச் சுருக்கி ஒரு இடத்தில் 'இரா.' என்றும் இன்னொரு இடத்தில் 'ரா.' என்றும் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் ஐ, ஆர் என்று இரண்டு விதமாக வந்துவிட்டால் அரசிதழ் வரை அலைய வேண்டியிருக்கும்.

சீதைன்னு வைக்கக் கூடாதுங்கிறாங்க, ஆனா ஜானகி, மைதிலி, வைதேகின்னு வைக்கிறாங்க. எல்லாம் ஒரே ஆள்தானே?

ஒரே ஆள்தான், ஆனால் ஒவ்வொரு பெயரும் அவளை ஒவ்வொரு இடத்தில் நிறுத்திப் பார்க்கிறது. சீதை என்றால் உழுசால், ஏர் கிழித்த கோடு. அங்கேதான் அவள் கிடைத்தாள், ஆக அது மண்ணோடு சேர்ந்த பெயர். ஜானகி ஜனகனின் மகள், மைதிலி மிதிலையைச் சேர்ந்தவள், வைதேகி விதேக நாட்டுப் பெண். மூன்றும் பிறந்த வீட்டுப் பெயர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த காடு, சிறை, தீ எதுவும் அவற்றில் ஒட்டவில்லை. கஷ்டம் வேண்டாம் என்று நினைக்கிற குடும்பம் அந்தப் பெயர்களைத் தேடிப்போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். சீதாலட்சுமி, சீதாராமன் என்று துணைக்கு ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் யாரும் ஆட்சேபிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

சார், மேகநாதன் ராவணன் பையன் பேராமே! எங்கப்பா தெரியாம வச்சுட்டாரா?

ராவணனின் மகன் இந்திரஜித்துக்கு அந்தப் பெயர் உண்டு என்பது உண்மை. பிறந்தவுடன் இடி இடித்ததுபோல அழுதானாம், அதனால் மேகநாதன். இங்கே நாத என்றால் ஒலி, நாதஸ்வரத்தில் வருகிற நாதம்.

ஆனால் பேரளம் பக்கத்தில் திருமீயச்சூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே சிவனுக்குப் பெயர் மேகநாதர். அதில் வரும் நாத என்பது விஸ்வநாதனில் வருகிற தலைவன். வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, தமிழில் இரண்டுமே ஒரே 'த'. அபீதகுசாம்பாளுக்கு மேலே சொன்ன அதே சிக்கல்தான் இது. தமிழ் எழுத்து இரண்டு பெயரையும் ஒரு கூட்டுக்குள் வைத்துவிட்டது, வெளியே இருந்து பார்த்தால் எது என்று தெரியாது. உங்கள் அப்பா தெரியாமல் வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எப்படி உறுதிப்படுத்துவது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

மல்லிகார்ஜுனன்கிறது பஞ்சபாண்டவர் அர்ஜுனனா? சிவன்னும் சொல்றாங்களே?

ஸ்ரீசைலத்து சிவன் அவர். அர்ஜுன என்ற சொல்லுக்கு வெண்மை என்று அடிப்படைப் பொருள், பாண்டவனுக்கும் அதிலிருந்து வந்த பெயர்தான். அதே சொல் மருத மரத்தையும் குறிக்கும். கண்ணன் குழந்தையாக உரலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து இரண்டு மருத மரங்களைச் சாய்த்தானே, வடமொழியில் அவற்றின் பெயர் யமளார்ஜுனம், இரட்டை அர்ஜுன மரங்கள்.

இது தெரிந்தால் திருவிடைமருதூர் விளங்கிவிடும். இடை மருது என்பது மத்தியார்ஜுனம். வடக்கே ஸ்ரீசைலம் மல்லிகார்ஜுனம், தெற்கே நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூர் புடார்ஜுனம், நடுவில் இருப்பதால் இது இடைமருது. மூன்று ஊருக்கும் மருத மரம்தான் தலமரம். ஆக மல்லிகார்ஜுனனுக்குத் தமிழில் நெருங்கிய உறவு அருச்சுனனோ தனஞ்செயனோ இல்லை, மருதப்பனும் மருதவாணனும்தான்.

சாரங்கபாணியா, சார்ங்கபாணியா? ஜோசியர் புள்ளி வச்சு எழுதச் சொல்றார்.

ஜோசியர் என்ன காரணத்துக்குச் சொன்னாரோ, பொருளில் புள்ளி வைத்ததுதான் சரி. சார்ங்கம் என்பது திருமாலின் வில். 'சார்ங்கம் உதைத்த சரமழை போல்' என்று திருப்பாவையில் மார்கழி தோறும் கேட்கிறோம். கையில் அந்த வில் உள்ளவர் சார்ங்கபாணி, கும்பகோணத்துப் பெருமாள். புள்ளியை விட்டுவிட்டால் சாரங்கம், அதற்கு மான் என்று பொருள் உண்டு. கையில் மான் வைத்திருப்பவர் யார்? சிவன்! பரம வைஷ்ணவக் குடும்பத்துப் பையன் ஒரு புள்ளியில் சைவனாகிவிடுகிறான்.

ஆனால் ர் அடுத்து ங், அதற்கு அடுத்து க என்று நாக்கு புரளாததால் ஊரே சாரங்கபாணி என்றுதான் சொல்கிறது, கோயில் பெயரும் அப்படித்தான் வழங்குகிறது. அதே பெருமாளின் தமிழ்ப் பெயர் ஆராவமுதன், எவ்வளவு பருகினாலும் தெவிட்டாத அமுதம் போன்றவன். இதில் புள்ளித் தொல்லை கிடையாது.

சௌரிராஜன், சவரிராஜ், சபரிராஜன் மூணும் ஒண்ணுதானா? எங்க தெருவிலயே மூணு பேர் இருக்காங்க.

காதுக்கு ஒன்று, வேர் மூன்று. சௌரிராஜன் திருக்கண்ணபுரத்துப் பெருமாள். அர்ச்சகர் அரசனுக்குக் கொடுத்த மாலையில் ஒரு முடி இருந்ததாம், மாட்டிக்கொண்டவர் 'பெருமாளுக்கே முடி உண்டு' என்று சொல்லிவிட, அவரைக் காப்பாற்றப் பெருமாள் முடி வளர்த்துக் காட்டினாராம். பெண்கள் வைத்துப் பின்னுகிற சவுரியோடு பெயர் இப்படி ஒட்டிக்கொண்டது. இந்தக் கதைக்கு வெளியேயும் சௌரி என்பது பழைய பெயர். சூரன் என்பவரின் வழியில் வந்தவன், அதாவது கண்ணன் என்று பொருள். விஷ்ணு சகஸ்ரநாமத்திலேயே அது இருக்கிறது. இரண்டு அடுக்கும் இன்று சேர்ந்தே இருக்கின்றன, பக்தருக்கு முடிதான் முதலில் ஞாபகம் வரும்.

சவரிராஜ், சவரிமுத்து, சவரியம்மாள் எல்லாம் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெயர்கள், புனித சேவியரிலிருந்து வந்தவை. அவர் 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றினார். நம் நாக்கில் சவேரியார் ஆகி, அங்கிருந்து சவரி ஆனார். சபரிராஜன் சபரிமலைப் பெயர், அதன் பின்னால் ராமாயணத்து சபரி, ராமனுக்காகக் காத்திருந்த மூதாட்டி. குழப்பத்தைக் கூட்ட ஒன்று சொல்கிறேன், கம்பர் அவளைச் சவரி என்றே எழுதுகிறார். ஆக சவரி என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து அந்த வீடு கோயிலா சர்ச்சா என்று முடிவு கட்டக் கூடாது.

விருத்தாம்பாள்னு அத்தை பேரு. விருத்தம்னா கிழவிதானே, பிறந்த குழந்தைக்கு ஏன் இப்படி?

முதுகுன்றத்து அம்மன் என்பதால் விருத்தாம்பிகை, மேலே சொன்ன அதே முது. உங்கள் சந்தேகம் புதிதும் இல்லை. குருநமச்சிவாயர் என்ற துறவி பசியோடு அந்த ஊருக்கு வந்து, அம்மனைக் கிழத்தி என்று அழைத்துச் சோறு கேட்டுப் பாடினாராம். அவள் கிழவி உருவத்தில் வந்து, 'என்னைக் கிழவி என்கிறாயே, கிழவியால் சோறு சுமக்க முடியுமா?' என்று கேட்டாளாம். அவர் இளமையாகப் பாட, இளம்பெண்ணாகச் சோறு கொண்டுவந்தாள். அதனால்தான் அங்கே பாலாம்பிகையும் இருக்கிறாள்.

அவர் பாடியதில் தப்பு ஒன்றும் இல்லை. கிழமை என்றால் உரிமை, கிழத்தி என்றால் உரிமை உடையவள், தலைவி. அம்மன் வேண்டுமென்றே இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள்.

கடைசியா, ஒரு பேருக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா என்னோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அகராதியை மூடிவிட்டு வீட்டில் விசாரியுங்கள். எந்தக் கோயிலில் நேர்ந்துகொண்டார்கள், முடி எங்கே இறக்கினார்கள், தாத்தா பாட்டிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விட நல்ல சாட்சி கூடப் பிறந்தவர்களின் பெயர். வீட்டில் ஒரு வைத்தியநாதன், ஒரு தையல்நாயகி, ஒரு முத்துக்குமாரசாமி இருந்தால் மூவரும் ஒரே கோயில் பிராகாரத்திலிருந்து வந்தவர்கள்.

மேகநாதன் விஷயத்தில் நான் இதைத்தான் செய்தேன். அக்கா பேர் என்னடா என்று கேட்டேன். லலிதாம்பாள் என்றான். திருமீயச்சூரில் அம்மனுக்கு அதுதான் பெயர், லலிதாம்பிகை. பாட்டியின் பிறந்த ஊர் பேரளம் என்று மறுநாள் வந்து சொன்னான். இதே கேள்வியோடு சில வருடம் கழித்து இன்னொரு மேகநாதன் வந்தான். அவனுக்கும் இதே பதிலை எடுத்துவிடலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, எதற்கும் தம்பி பேர் என்ன என்று கேட்டு வைத்தேன். இந்திரஜித் என்றான்.